யார் முறை என்று கேட்காமல் சொன்ன தீர்ப்பு

இந்த வாரம் சதுரங்கம். ஆடத் தெரியாதவர்களும் படிக்கலாம். இதில் விளையாட்டைவிட, யோசனை கேட்பதும் சொல்வதும்தான் அதிகம். என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ராசிபுரத்திலிருந்து பழைய ஆபீஸ் நண்பர் போன் செய்தார். தாலுகா ஆபீசில் என் பக்கத்து மேஜை. அவருடைய பேரன் அன்று சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டியில் ஆடிவிட்டு வந்திருந்தான்.

"ஏனுங்க சார், ஒரு சந்தேகமுங்க. பையனுக்கு ஒரு தந்திரமான பொசிஷன் வந்திருக்குது. எதிராளிகிட்ட ராஜா மட்டுந்தான். இவன்கிட்ட ராஜாவும் ஒரு சிப்பாயும். இவன் ராஜா சிப்பாய்க்கு முன்னால நிக்குது. எதிரி ராஜா நேர் எதுக்கால, நடுவுல ஒரு கட்டம். இதை டிரா பண்ணிட்டு வந்துட்டானுங்க. ஜெயிச்சிருக்க வேண்டாமா?"

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ராஜா சிப்பாய்க்கு முன்னால, எதிரி நேர் எதிரே. அது ஜெயிச்ச ஆட்டம்தான் சார். பையன் கோட்டை விட்டுட்டான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பையனை, வந்திருந்த உறவினர்கள் எதிரிலேயே தாத்தா பிடித்துக் கொண்டார். கையில் இருந்ததை ஊதாரித்தனமாக விட்டான், கவனமே இல்லை, சாரே சொல்லிவிட்டார் என்று. பையன் பதில் பேசவில்லை. செஸ் போர்டு பரணுக்குப் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். பையன் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். விஷயம் கேள்விப்பட்டு, அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் இருக்கிறதா என்று கேட்டேன். போட்டி ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடுகிறவரே எழுதியாக வேண்டும். பையில் மடித்து வைத்திருந்தான். போர்டைப் பரணிலிருந்து இறக்கி, முதலிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்திக் கொண்டு வந்தோம். அந்த இடம் வந்ததும் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பையன் வெள்ளைக் காய். போர்டின் நெடுக்கு வரிசைகளுக்கு இடமிருந்து a முதல் h வரை எழுத்து. குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளை பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். அவன் ராஜா e4 கட்டத்தில், அதற்கு நேர் பின்னால் சிப்பாய் e3-ல். எதிரியின் கருப்பு ராஜா e6-ல். நடுவில் e5 காலி. என் நண்பர் போனில் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அவர் சொல்லாதது ஒன்றுதான்: நகர்த்த வேண்டியது வெள்ளை.

இங்கேதான் சூட்சுமம். ராஜாக்கள் இரண்டும் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், யார் நகர்த்த வேண்டுமோ அவருக்குத்தான் நஷ்டம். செஸ் ஆடுகிறவர்கள் இதை ஆப்போசிஷன் என்பார்கள். ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்து நின்ற மாதிரி. யார் முதலில் ஒதுங்குகிறாரோ அவர் வழி விட்டவர் ஆகிறார்.

கருப்பின் முறையாக இருந்திருந்தால் அது ஒதுங்கியாக வேண்டும். d6-க்குப் போனால் வெள்ளை ராஜா மறுபக்கமாக f5-க்கு நுழைந்துவிடும். அப்படி முன்னால் போய் வழியைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் சிப்பாயைத் தடுக்க ஆளில்லை. எட்டாவது வரிசைக்குப் போய் ராணியாகப் பதவி உயர்வு வாங்கிவிடும். நான் சொன்ன "ஜெயிச்ச ஆட்டம்" இது.

ஆனால் அது வெள்ளையின் முறை. ஒதுங்க வேண்டியது பையனுடைய ராஜா. அது d4-க்குப் போனால் கருப்பு d6-க்கு வந்து மறுபடி எதிரே நிற்கும். f4-க்குப் போனால் f6. ராஜாவை அசைக்காமல் சிப்பாயைத் தள்ளி முறையை எதிரிக்குத் தரலாமென்றால், சிப்பாய்க்கு முன்னால் அவன் ராஜாவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. எதிராளிப் பிள்ளை தெரிந்தவன். சிப்பாய் முன்னேறி e5 வந்ததும் தன் ராஜாவை நேர் பின்னால் e7-க்கு இறக்கினான், பக்கவாட்டில் போகவில்லை. பையன் d5, அவன் d7. சிப்பாய் e6-க்கு வந்து செக் சொன்னதும் மறுபடி e7. வெள்ளை ராஜா e5-க்கு வந்து சிப்பாயைக் காத்தது. கருப்பு நேர் பின்னால் e8. அங்கே d8-க்குப் போயிருந்தால் தோற்றிருப்பான். அடுத்து வெள்ளை ராஜா d6, கருப்பு d8. சிப்பாய் e7-க்குப் போய்ச் செக், கருப்பு e8. இப்போது சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா e6-க்கு வந்தால், கருப்புக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். டிரா.

இந்த மாதிரி முடிவில் ஓர் எளிய அடையாளம் உண்டு. தன் ராஜா பக்கத்தில் துணை நிற்க, சிப்பாய் ஏழாவது வரிசைக்குச் செக் கொடுத்துக்கொண்டு போனால் டிரா. செக் கொடுக்காமல் சத்தமில்லாமல் போனால் வெற்றி. பையனுடைய ஷீட்டில் அந்தக் கடைசி நகர்த்தலுக்குப் பக்கத்தில் செக் குறி இருந்தது. ஷீட்டைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்க வேண்டிய விஷயம். நான்தான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தோம். இதே இடத்தில் சிப்பாய் மட்டும் ஒரு கட்டம் பின்னால், தன் சொந்த இடமான e2-ல் இருந்திருந்தால், வெள்ளையின் முறையாக இருந்தாலும் வெற்றிதான். சிப்பாயை ஒரு அடி e3-க்குத் தள்ளினால் போதும். முறை எதிரிக்குப் போகும், ஒதுங்க வேண்டியவன் அவன் ஆகிவிடுவான். அந்த ஓர் அடியைத்தான் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும். பையன் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் முன்பே, வேறு வேலையில்லாமல், அந்தச் சிப்பாயை e3-க்குத் தள்ளியிருந்தான். தவறு என்று ஒன்று இருந்தால் அது அங்கே. தாத்தா திட்டிய இடத்தில் இல்லை.

அதே அமைப்பை அப்படியே ஓரத்துக்குக் கொண்டு போங்கள். ராஜா a4, சிப்பாய் a3, எதிரி ராஜா a6. இப்போது யார் முறையானாலும் டிராதான். எதிரி ராஜாவை ஓர மூலையிலிருந்து கிளப்ப முடியாது. ஆக, "ராஜா முன்னால், சிப்பாய் பின்னால், எதிரி நேர் எதிரே" என்ற ஒரே வர்ணனைக்கு மூன்று பதில்: எப்போதும் வெற்றி, எப்போதும் டிரா, முறையைப் பொறுத்தது. நான் போனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். அது யோசனை இல்லை, சீட்டுக் குலுக்கல்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னது ஒரே வாக்கியம். "தாத்தா, நீங்க யார் முறைன்னு கேக்கவே இல்லையே." அப்புறம் அவன் தாத்தாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, போர்டில் காட்டி, அவர் வாயாலேயே "டிராதான்" என்று சொல்ல வைத்தேன். போர்டு மறுபடி பரணுக்குப் போகவில்லை.

நான் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன். நாமக்கல் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில் சேர்ந்தேன். 1997 ஜனவரியில் தனி மாவட்டமானபோது ஃபைல்களைப் பிரித்து மூட்டை கட்டியதில் என் கையும் உண்டு. நிலத் தகராறு என்று வருகிறவர்கள் முதலில் கதை சொல்வார்கள். "பாட்டன் காலத்து வரப்பு சார், பக்கத்துக்காரன் நகர்த்திட்டான், சிக்கலான கேசு." நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சர்வே நம்பர் என்ன, உட்பிரிவு என்ன? கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், 4/2A என்பதற்குப் பதில் 4/2B என்று எழுதிவிட்டால் அது வேறொருவர் நிலம். முப்பத்தைந்து வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டவன், அன்றைக்கு ஒரு ராத்திரி கேட்காமல் விட்டேன்.

என் கருத்து இதுதான். "தந்திரமான பொசிஷன்" என்பது பொசிஷனைப் பற்றிய விவரமே இல்லை. அது கேட்கிறவரின் மனநிலையைப் பற்றிய விவரம். அவருக்குப் புரியவில்லை என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது. அதைவிட முக்கியம், அவர் வார்த்தையில் வர்ணிக்கும்போது தனக்கு முக்கியம் என்று தோன்றியதைத்தான் சொல்வார். அவர் எதைக் கவனிக்கத் தவறினாரோ அது வர்ணனையில் வராது. யார் முறை என்பதுதான் உயிர்நாடி என்று என் நண்பருக்குத் தெரிந்திருந்தால், அவர் எனக்குப் போன் செய்திருக்கவே வேண்டாம். பதில் இருக்கும் இடம் எதுவோ, அதுவே வர்ணனையில் விடுபடும் இடம்.

இது பிள்ளைகள் ஆட்டத்தில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி, சிங்கப்பூரில், நம் சென்னைப் பிள்ளை குகேஷ் சீனாவின் டிங் லிரெனைப் பதினான்காவது ஆட்டத்தில் வென்று, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதை எல்லோரும் பார்த்தோம். அதுவரை இருவருக்கும் சமமாக ஆறரை ஆறரைப் புள்ளி. மறுநாள் காலை நடைப்பயிற்சியில் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். "டிரான்னு சொல்லிட்டிருந்தாங்களே சார், எப்படி ஜெயிச்சான்?"

வார்த்தையில் சொன்னால் அந்த நிலை இவ்வளவுதான்: இருவருக்கும் ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. ஒரே ஒரு சிப்பாய் வித்தியாசம், பொறுமையாகத் தற்காத்தால் டிரா. பார்த்தவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை f2-ல் வைத்து யானைக்கு யானை வெட்டச் சம்மதித்தார். எண்ணிக்கையில் பார்த்தால் அதிலும் குற்றமில்லை. யானைகள் போன பிறகு பிஷப்புகள் இருக்கின்றனவே என்று தோன்றும்.

அவருடைய பிஷப் நின்ற இடம்தான் வினையானது. அது போர்டின் மூலையில், a8 கட்டத்தில் நின்றது. மூலையில் இருக்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு சாய்வுப் பாதைதான். குகேஷ் தன் பிஷப்பை அதே பாதையில் d5-ல் கொண்டு வந்து வைத்தார். அதற்குப் பின்பலமாக அவர் ராஜா. டிங்கின் பிஷப் அந்தப் பாதையை விட்டு எங்கும் ஓட முடியாது, வெட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை. பிஷப்புகளும் போனால் மிஞ்சுவது ராஜாவும் இரண்டு சிப்பாயும், எதிரே ராஜாவும் ஒரு சிப்பாயும். அங்கே கருப்பு ராஜா எதிரே வந்து நின்றதும் டிங் கை கொடுத்துவிட்டார். மொத்தம் 58 நகர்த்தல். அந்த பிஷப் மூலையில் சிக்காமல், விலகிப் போக இடமுள்ள கட்டத்தில் நின்றிருந்தால், அதே காய்கள், அதே எண்ணிக்கை, ஆனால் பிஷப்பை வெட்டிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இருந்திருக்காது. "யானை, பிஷப், ஒரு சிப்பாய் கூடுதல்" என்ற வர்ணனையில் அந்த மூலை எங்கே இருக்கிறது?

வார்த்தைகளுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. காயின் பெயரே ஊருக்கு ஊர் மாறுகிறது. மூலையில் நிற்பதை ஒருவர் யானை என்கிறார், ஒருவர் கோட்டை என்கிறார். மந்திரி என்று சொன்னால் சிலருக்கு ராணி, சிலருக்கு பிஷப். எனக்கு இதில் பழைய வடு ஒன்று உண்டு. நான் சிறு வயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். செஸ்ஸும் அங்கேதான், பிரெஞ்சு எழுத்துகளில் கற்றேன். பிரெஞ்சில் ராஜாவுக்கு ருவா, ஆகவே எழுத்து R. யானைக்குத் தூர், எழுத்து T. ஆங்கிலத்தில் R என்றால் யானை. சேலத்தில் வேலைக்கு வந்த புதிதில், ஆபீஸ் நண்பருக்கு ஒரு நிலையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். என் ராஜாக்களை எல்லாம் அவர் யானைகளாக வைத்து, "உங்க போர்டுல ராஜாவே இல்லையே, எப்படி ஆடுறீங்க?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தாலும், எந்த மொழி எழுத்து என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தவறு உடனே பிடிபட்டது என்பதைக் கவனியுங்கள். எழுதியதில் தவறு இருந்தால் கண்ணில் படும். வாயால் சொன்னதில் இருந்தால் படாது.

சரி, என்ன எழுத வேண்டும்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெள்ளைக் காய்கள் எந்தெந்தக் கட்டத்தில், கருப்புக் காய்கள் எந்தெந்தக் கட்டத்தில், யார் முறை. ஆட்டத்தின் முன்பாதியாக இருந்தால், ராஜாவைக் கோட்டை கட்ட இன்னும் உரிமை இருக்கிறதா, எதிரியின் கடைசி நகர்த்தல் என்ன என்பதையும் சேர்க்க வேண்டும். சிப்பாய் இரண்டு கட்டம் தாவி வந்திருந்தால், வழியிலேயே அதை வெட்டும் உரிமை உடனடியாக அடுத்த நகர்த்தலுக்கு மட்டுமே உண்டு. பையனுடைய நிலையை ஒரு வரியில் எழுதலாம்: வெள்ளை ராஜா e4, சிப்பாய் e3, கருப்பு ராஜா e6, வெள்ளையின் முறை. ஒரு தபால் கார்டின் கால்வாசி இடம்கூட வேண்டாம்.

இன்றைய பிள்ளைகள் இதையே இன்னும் சுருக்கி வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அதே நிலை இப்படி வரும்:

```
8/8/4k3/8/4K3/4P3/8/8 w - - 0 1
```

மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை படிக்க வேண்டும். எண் என்றால் அத்தனை காலிக் கட்டம், பெரிய எழுத்து வெள்ளைக் காய், சின்ன எழுத்து கருப்பு. இடைவெளிக்குப் பிறகு வரும் w, வெள்ளையின் முறை என்பதற்கு. அந்த ஒற்றை எழுத்தை b என்று மாற்றுங்கள், டிரா வெற்றியாகிவிடும். அன்று ராத்திரி நான் கேட்காமல் விட்டது அந்த ஓர் எழுத்தைத்தான்.

"பொதுவாக ஒரு யோசனை சொல்லக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவான கேள்விக்குச் சொல்லலாம். ராஜாவும் சிப்பாயும் முடிவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், ராஜாவை முன்னால் கொண்டு போ, சிப்பாய்க்கு ஓர் அடி கையிருப்பு வை என்பேன். ஆனால் "என் ஆட்டத்தில் ஜெயித்திருக்கலாமா" என்பது தீர்ப்புக் கேட்பது. தீர்ப்புக்கு ஆவணம் வேண்டும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டால், போட்டி விதிப்படி வெளி யோசனை கேட்பதே குற்றம், ஆகவே அதற்கும் பதில் கிடையாது.

கேட்கிறவரைவிட, பதில் சொல்கிறவர்மேல்தான் எனக்கு அதிகம் வருத்தம். நம் வயதுக்காரர்களுக்கு "பார்க்காமல் சொல்ல முடியாது" என்று சொல்லக் கூச்சம். நம்மை நம்பிக் கேட்டார்களே, தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று. நான் அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பையனுக்கு அந்த இரண்டு மாதம் போயிருக்காது.

இப்போது யாராவது போன் செய்து தந்திரமான பொசிஷன் என்று ஆரம்பித்தால், கதையை நடுவில் நிறுத்திவிடுகிறேன். "எழுதி அனுப்புங்க, யார் முறைன்னும் போடுங்க" என்கிறேன். பாதிப் பேர் திரும்ப அனுப்புவதில்லை. கட்டம் கட்டமாக எழுத உட்கார்ந்தபோது பதில் அவர்களுக்கே தெரிந்துவிட்டதாம். என் ராசிபுரத்து நண்பர் மட்டும் இன்னும் போனில்தான் சொல்வார். ஆனால் இப்போது முதல் வாக்கியமே, "வெள்ளையோட முறைங்க சார்" என்றுதான் ஆரம்பிக்கிறது.